மாடி அறைக்கு ஒரு மெத்தை: வாங்கும் முன்பே திருப்பி அனுப்பும் வழியைப் பாருங்கள்

“நூறு இரவு படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்” என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, காயல்பட்டினத்து வீடுகளில் இப்போது மெத்தையும் சோபாவும் போனிலேயே ஆர்டர் ஆகின்றன. துபாயிலோ ஹாங்காங்கிலோ இருக்கும் காக்கா பணம் கட்டுகிறார். ஊரில் உம்மா சாமானை வாங்கி வைக்கிறார். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து தங்கும் வழக்கமுள்ள ஊர் இது. அதனால் கல்யாணத்தோடு ஒரு புது மாடி அறையும், அந்த அறைக்கு மெத்தையும் சோபாவும் சேர்ந்தே வருகின்றன. மெத்தை பிடித்துப்போனால் சிக்கல் எதுவும் இல்லை. பிடிக்காதபோதுதான், அந்த நூறு இரவு உங்கள் பின்கோடுக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது. அதை ஆர்டர் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

சாமானைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும், அதைத் திரும்ப எடுத்துச் செல்லும் ஏற்பாடும் வேறு வேறு. 628204 என்று தட்டினால் “டெலிவரி உண்டு” என்று திரையில் வந்துவிடும். சுருட்டி அடைத்த பெட்டியாக வரும் மெத்தையை எந்த கூரியர் வண்டியும் ஏற்றிக்கொள்ளும் என்பதே காரணம். விரிந்துவிட்ட மெத்தையைத் திரும்ப ஏற்ற பெரிய வண்டியும் இரண்டு ஆளும் வேண்டும். அந்த வசதி சில நிறுவனங்களுக்குப் பெருநகரங்களில் மட்டுமே இருக்கும். ஆகவே வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலிலோ அவர்களுடைய சாட்டிலோ எழுத்தாக மூன்று கேள்வி கேளுங்கள். சோதனைக் காலத்தில் திருப்பிக் கொடுத்தால் 628204-க்கு வந்து எடுத்துக்கொள்வீர்களா? மாடியிலிருந்தா, வாசலிலிருந்தா? அதற்கு எவ்வளவு பிடிப்பீர்கள்? போனில் சொல்லும் பதில் பின்னால் கைகொடுக்காது. எழுத்தில் வந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “உங்கள் பகுதியில் வாபஸ் எடுக்கும் வசதி இல்லை” என்று பதில் வந்தால், நூறு இரவு என்ற சொல்லை அழித்துவிட்டு அந்த மெத்தையின் விலை சரிதானா என்று யோசியுங்கள்.

ஒரே மெத்தையை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதற்கும், பல கடைகள் விற்கும் பெரிய தளத்தில் வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. சோதனைக் காலம் பெரும்பாலும் சொந்தத் தளத்துக்கான சலுகை. பெரிய தளங்களில் பழுதாக இருந்தால் மட்டும், அதுவும் சில நாட்களுக்குள், மாற்றித் தருவோம் என்ற அளவிலேயே பல மெத்தைகள் விற்கப்படுகின்றன. விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் “ரிட்டர்ன்” என்று இருக்கிறதா, “ரீப்ளேஸ்மென்ட்” மட்டும்தானா என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவது மட்டும் இருந்தால், பிடிக்கவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

இப்போது ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாடி அறையில் பழைய தேக்குக் கட்டில் இருக்கிறது, ஆசாரி செய்தது. உட்புறம் டேப் வைத்து அளந்தால் நீளம் 74½ அங்குலம், அகலம் 58 அங்குலம். கடையில் “குயின்” என்று விற்கும் மெத்தையின் அகலம் 60 அங்குலம். நீளம் 72, 75, 78 என்று மூன்று அளவில் கிடைக்கும். 60 அகல மெத்தை இந்தக் கட்டிலுக்குள் இறங்காது. அமுக்கித் திணித்தால் விளிம்பு மேலே வளைந்து நடுவில் புடைக்கும். “உங்கள் அளவுக்கே செய்து தருகிறோம்” என்ற பொத்தான் தளத்திலேயே இருக்கும். அழுத்திவிடாதீர்கள். தனி அளவில் செய்த மெத்தைக்குச் சோதனைக் காலம் கிடையாது என்பது அநேகமாக எல்லா நிறுவனங்களின் விதியிலும் இருக்கிறது. வேறு யாருக்கும் விற்க முடியாத மெத்தையை அவர்கள் திரும்ப வாங்க மாட்டார்கள்.

இந்தக் கட்டிலுக்கு என் யோசனை, மெத்தையை மாற்றுவதை விடக் கட்டிலைக் கொஞ்சம் மாற்றுவது. இரு பக்கச் சட்டமும் ஒன்றரை அங்குலத் தடிமன் இருந்தால் வெளி அகலம் 61 அங்குலம். ஆசாரியைக் கூப்பிட்டு, உள்ளே கிடக்கும் பலகைகளைச் சட்டத்தின் மேல்மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள். பலகைகளுக்கு நடுவே ஓர் அங்குலம் இடைவெளி இருக்கட்டும், கடலோர ஈரத்தில் மெத்தைக்கு அடியில் காற்று போக வேண்டும். 72க்கு 60 மெத்தை அதன்மேல் சரியாக உட்காரும், கால்மாட்டில் இரண்டரை அங்குலம் மிஞ்சும். சோதனைக் காலமும் கையில் இருக்கும். கட்டிலில் கை வைக்கவே கூடாது, அது பாட்டனார் காலத்துக் கட்டில் என்றால், ஆன்லைனை விட்டுவிடுங்கள். தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ கடைக்குப் போய், படுத்துப் பார்த்து, அங்கேயே வெட்டித் தைத்து வாங்குவது நல்லது.

அடுத்தது, உள்ளே இருக்கும் பொருள். இணையத்தில் ஒவ்வொரு மெத்தைக்கும் அழகான பெயர்களில் பல அடுக்குகள் காட்டுவார்கள். பெயர்களை விட்டுவிட்டு, எந்த அடுக்கு எத்தனை அங்குலம், அதன் அடர்த்தி எவ்வளவு என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. தினமும் இருவர் படுக்கும் மெத்தைக்கு, அடியில் தாங்கும் ஃபோம் 32-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். 40 என்றால் இன்னும் நல்லது. சாதாரண ஃபோம் அதற்குக் கீழே போனால், இடுப்பு விழும் இடத்தில் சீக்கிரமே குழி விழும். ரீபாண்டட் ஃபோமுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. துண்டு ஃபோமை ஒட்டி அழுத்திச் செய்வதால் அதன் அடர்த்தி எண் பெரிதாகத் தெரியும், படுத்தால் கல் போல இருக்கும். பல “ஆர்த்தோ” மெத்தைகளின் அடியில் இருப்பது இதுதான். ஆர்த்தோ என்று போட்டிருப்பதாலேயே அது முதுகு வலிக்கு மருத்துவர் சொன்ன மெத்தை ஆகிவிடாது.

விற்பவர் சொன்ன அடர்த்தி உண்மையா என்று நீங்களே பார்க்க முடியும். வெளிநாடு போகிறவர் இருக்கும் வீடு என்றால், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று நிச்சயம் இருக்கும். 72க்கு 60, உயரம் 6 அங்குலம் என்றால் 6 அடி, 5 அடி, அரை அடி: மொத்தம் 15 கன அடி. அடர்த்தி எண்ணை 35-ஆல் வகுத்தால் ஒரு கன அடியின் எடை ஏறக்குறைய வந்துவிடும். அடர்த்தி 32 என்றால் 15 கன அடிக்குச் சுமார் 13.7 கிலோ, 40 என்றால் சுமார் 17 கிலோ. உறைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே “40 அடர்த்தி” என்று விற்ற மெத்தை 19 கிலோ வாக்கில் நிற்க வேண்டும். தராசு 13 காட்டினால், சொன்ன பொருள் உள்ளே இல்லை. முழுவதும் இயற்கை லேடெக்ஸ் என்றால் இதே அளவு மெத்தை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். 18 கிலோவில் வந்த “லேடெக்ஸ் மெத்தை”யில், மேலே ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோதான் லேடெக்ஸ். பெட்டியைப் பிரிக்கும் முன்பே தொங்கவிட்டு நிறுத்து, தராசின் எண் தெரியும்படி படம் எடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்பது வேறு, சொன்னது வேறு தந்தது வேறு என்பது வேறு. பின்னதற்கு இந்தப் படம் சாட்சி.

நம் கடற்கரைக்கு எது ஏற்றது என்று கேட்டால், ஏசி இல்லாத மாடி அறைக்கு மெமரி ஃபோமை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடல் சூட்டில் இளகுவதுதான் அதன் குணம். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் மே மாத இரவில் அது கூடுதலாக இளகி, உடம்பை உள்ளே வாங்கிக்கொண்டு வியர்க்க வைக்கும். துளைகள் உள்ள லேடெக்ஸ் காற்றோட்டம் தரும், ஆனால் விலை அதிகம், மாடி ஏற்றக் கனமும் அதிகம். நடுத்தரமான செலவுக்கு ஹெச்.ஆர். ஃபோம் போதும். ஸ்பிரிங் மெத்தையை உப்புக்காற்று வீட்டில் தயங்கித்தான் வாங்க வேண்டும், கம்பி துருப்பிடித்தால் சத்தம் வரும். இன்னொன்றையும் வீட்டில் சொல்லி வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயப்போட்டுத் தட்டிய பழக்கத்தில் ஃபோமையோ லேடெக்ஸையோ மொட்டை மாடி வெயிலில் போடக்கூடாது. ஃபோம் மஞ்சளாகிப் பொடியும், லேடெக்ஸ் இறுகி வெடிக்கும். வாரம் ஒருமுறை சுவரோரம் சாய்த்து, மின்விசிறிக் காற்றில் நிறுத்தினால் போதும்.

பெட்டி வரும் நாளைப் பற்றி. ஆர்டர் போட்டவர் வெளிநாட்டில், ஓ.டி.பி. அவர் போனுக்கு, சாமான் நம் வாசலில். அவர் வேலை நேரத்தில் போன் எடுக்காவிட்டால் “வாடிக்கையாளர் இல்லை” என்று எழுதிப் பெட்டி திரும்பிவிடும். அல்லது பார்சல் ஆபீசில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஆகவே டெலிவரி முகவரியில் ஊரில் இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரமென்றால், மாமாவோ தம்பியோ வந்து நிற்கும் நேரத்தைக் குறித்துக் கேளுங்கள். இன்னொரு சங்கடம் பணம் திரும்பும்போது வரும். பணம் எந்தக் கார்டிலிருந்து போனதோ அதற்கே திரும்பும். வெளிநாட்டுக் கார்டு என்றால் மாற்று விகிதத்தில் கொஞ்சம் குறைந்துதான் சேரும். ஊரில் உள்ள கணக்கிலிருந்து கட்டுவது நல்லது.

“டோர் டெலிவரி” என்றால் தெருவாசல் வரை என்றுதான் கூரியர்காரர் எடுத்துக்கொள்வார். நம் தெருவில் வேன் நின்றாலும், பின்வாசல் முடுக்கு வழியாகத்தான் மாடிப்படி என்றால், அதை அவர் ஏற்கவே மாட்டார். தளத்தில் “மாடிக்கு ஏற்றித் தருவோம்” என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும் எதிர்பாருங்கள். லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு எத்தனையாவது மாடி வரை என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் லோடுமேன் கூலியை விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏற்றுவதை விட இறக்குவதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சுருட்டி வந்த மெத்தை ஒரு பாயைப் போல குறுகிய படியில் ஏறிவிடும். உறையைக் கிழித்ததும் ஓரிரு நாளில் முழுதாக விரியும். அதன்பிறகு வீட்டில் யாராலும் அதைப் பழையபடி சுருட்ட முடியாது, அதற்கு இயந்திரம் வேண்டும். ஆறு அங்குல ஃபோம் மெத்தையை இரண்டாக மடித்துக் கயிற்றால் கட்டி இறக்கலாம். பத்து அங்குல ஸ்பிரிங் மெத்தை மடியாது. இரண்டரை அடி அகலப் படியில், திருப்பத்தில் சிக்கினால் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். எடுத்துச் செல்ல வந்தவர் கீழேயே நின்றுகொண்டு, “பொருள் தயாராக இல்லை” என்று எழுதிப் போய்விட்டால் சோதனைக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். குறுகிய படி உள்ள மாடி வீட்டுக்கு ஃபோம் அல்லது லேடெக்ஸ், எட்டு அங்குலத்துக்கு மேல் போகாமல், என்பது என் உறுதியான கருத்து.

சோதனை நாட்களில் முதல் நாளே மெத்தைக்கு நீர் புகாத உறை போட்டுவிடுங்கள். சோதனையையும் வாரண்டியையும் முறிக்கும் முதல் காரணம் கறை. ஒரு டீக்கறை, குழந்தை நனைத்த ஒரு வட்டம் போதும், “சுகாதாரக் காரணத்தால் ஏற்க இயலாது” என்று பதில் வரும். லேபிளை வெட்டாதீர்கள். முதல் சில நாள் வரும் வாசனை ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சில நிறுவனங்கள் குறைந்தபட்சம் இத்தனை இரவு படுத்த பிறகே வாபஸ் கேட்கலாம் என்றும் வைத்திருக்கின்றன, விதியில் அதையும் பாருங்கள். மூன்று வாரம் கழித்தும் காலையில் எழும்போது இடுப்பு வலித்து, எழுந்து நடமாடியதும் குறைந்தால், மெத்தை உங்களுக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். நாட்கள் பெட்டி வந்த தேதியிலிருந்தே ஓடும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, உறை பிரிக்காமல் மூலையில் நிறுத்தி வைத்தால், பாதிக்கு மேல் சோதனைக் காலம் வீணாகிவிடும். நெடுநாள் அமுங்கிக் கிடந்த ஃபோம் முழு உயரத்துக்கு வராமலும் போகலாம்.

திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு போகும்? நம் உதாரண மெத்தை 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துச் செல்லும் கட்டணம் 1,500. “இலவசம்” என்று வந்த இரண்டு தலையணைக்கு 1,200 பிடிப்பார்கள், இலவசப் பொருளின் விலையைக் கழிப்பது பல விதிகளில் உண்டு. தவணையில் வாங்கியிருந்தால் வங்கியின் செயல்முறைக் கட்டணம் சுமார் 300, அது திரும்பாது. ஏற்றவும் இறக்கவும் கூலி 800. ஆக 3,800 ரூபாய், விலையில் ஏறக்குறைய கால் பங்கு. இவை உதாரணத் தொகைகள்தான். உங்கள் ஆர்டருக்கு இதே நாலு வரியையும் போட்டுப் பாருங்கள். அந்தக் கால் பங்கில் கடைக்கு ஒரு நடை போய்ப் படுத்துப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று தோன்றினால், அப்படியே செய்யுங்கள்.

பிடிக்கவில்லை என்று திருப்பும்போதுதான் இந்தக் கழிவுகள். பொருள் பழுதாக வந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஆகவே எழுதும்போது “எங்களுக்கு ஒத்துவரவில்லை” என்று எழுதாமல், “40 அடர்த்தி என்று விற்றீர்கள், எடை 13 கிலோ, படம் இணைப்பில்” என்று எழுதுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, தூத்துக்குடி நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. ஐந்து லட்ச ரூபாய்க்குள் உள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

சோபாவுக்கு வருகிறேன். இதற்கு நூறு இரவு கிடைப்பது அரிது. பெரும்பாலும் உடைந்தோ கிழிந்தோ வந்தால் சில நாட்களுக்குள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆகவே முழுக் கவனமும் ஆர்டர் போடும் முன்பே இருக்க வேண்டும். சட்டம் கெட்டி மரமா, பிளைவுட்டா, மரத்தூள் பலகையா என்று கேளுங்கள். மரத்தூள் பலகை நம் ஊர் ஈரத்தில் உப்பி, திருகாணி பிடிமானம் இழக்கும். 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை பதிவான ஊர் இது. கீழ்த்தளத்துக்கு வாங்குகிறவர்கள் அரையடி உயரக் காலும் மரச்சட்டமும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நீரில் நனைந்ததற்கு வாரண்டி கிடையாது. ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் உறை இந்தக் காற்றில் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறைதான் இங்கே நிற்கும்.

மாடிக்கு என்றால் அளவு பார்க்காமல் ஆர்டர் போடவே வேண்டாம். மூவர் அமரும் ஒற்றைச் சோபா ஏழடி நீளம், ஏறக்குறைய 34 அங்குல ஆழம் இருக்கும். பெட்டியோடு ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் கூட்டுங்கள். படியின் அகலத்தைச் சுவரிலிருந்து சுவருக்கு அளக்காமல், சுவரிலிருந்து கைப்பிடிக்கு அளங்கள். படி திரும்பும் இடத்தில் சோபாவை நெட்டுக்குத்தாக நிறுத்தித்தான் திருப்ப வேண்டியிருக்கும். அங்கே தலைக்கு மேல் உள்ள உயரம் சோபாவின் நீளத்தை விடக் குறைவாக இருந்தால் அது திரும்பாது. சந்தேகம் இருந்தால் சோபாவின் நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியையும், ஆழத்துக்கு ஓர் அட்டையையும் வெட்டி, இரண்டு பேர் படியில் ஏற்றிப் பாருங்கள். கழி முட்டினால் சோபாவும் முட்டும். அதற்குப் பிறகு வாங்க வேண்டியது தனித்தனித் துண்டாக வந்து மாடியில் பூட்டும் சோபாவைத்தான். “வீட்டுக்குள் நுழையவில்லை” என்பதை விற்பவர் தன் குறையாக ஏற்க மாட்டார். போய்வந்த வண்டிச் செலவு உங்கள் கணக்கில் சேரும்.

சோபா வந்ததும் வேன்காரர் அவசரப்படுத்தினாலும், பெட்டியைப் பிரித்துக் காலும் மூலையும் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்ல வேண்டாம். பிரித்துக் காட்ட மறுத்தால், ரசீதில் “பிரித்துப் பார்க்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெட்டியின் நான்கு பக்கத்தையும் அவர் எதிரிலேயே படம் எடுத்துவிடுங்கள்.